ஐந்தாம் விநாடிக்கு முன்

யூடியூபில் ஒரு பாட்டைத் தேடி அழுத்தினால் பாட்டுக்கு முன்னால் விளம்பரம் வருகிறது. அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை நீளமானது. ஐந்து விநாடி போனதும் திரையின் வலப்பக்க ஓரத்தில் ‘ஸ்கிப்’ பொத்தான் தோன்றும். அதை அழுத்திவிட்டுப் பாட்டுக்குப் போய்விடலாம். யூடியூப் இதை 2010 டிசம்பரில் கொண்டுவந்தது. இரண்டாவது வகைக்குப் பொத்தானே கிடையாது. ஆறு விநாடியில் தானாகவே முடிந்துவிடும். 2016 ஏப்ரலில் கூகுள் அறிமுகப்படுத்திய இந்த வகைக்குப் பம்பர் என்று பெயர். ஆறு விநாடிக்கு மேற்பட்ட படத்தைப் பம்பராகப் போட முடியாது.

இந்த இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். எழுதுகிறவருக்கு இவை வேறு வேறு. பம்பரைப் பார்ப்பவர் தப்ப முடியாமல் ஆறு விநாடி உட்கார்ந்திருக்கிறார். கண் திரையில் இருந்தாலும் மனம் வரப்போகும் பாட்டில் இருக்கும். ஸ்கிப் வகையில் அவருடைய கட்டைவிரல் பொத்தான் வரப்போகும் இடத்தில் ஏற்கனவே காத்திருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக எழுத்தாளர் கையில் இருப்பது ஐந்து விநாடிதான். அதற்குள் ஒரு கருத்து, ஒன்றே ஒன்று, முழுமையாகப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் ஒரே படத்தை இரண்டு வகையிலும் பயன்படுத்தலாம்.

இந்த ஐந்து விநாடிக் கணக்கை உலகம் கவனிக்கும்படி செய்தது அமெரிக்காவின் கைக்கோ என்ற காப்புறுதி நிறுவனம். 2015இல் அது வெளியிட்ட விளம்பரத் தொடரில் ஒரு படம் இப்படிப் போகும். ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. தாய் காப்புறுதியில் மிச்சம் பிடித்ததைப் பற்றி ஒரு வரி பேசுகிறாள். உடனே பின்னணிக் குரல் வந்து, இந்த விளம்பரத்தை நீங்கள் தாண்ட முடியாது, ஏனென்றால் இது முடிந்துவிட்டது என்கிறது. நிறுவனத்தின் பெயரும் வந்துவிடுகிறது. எல்லாம் ஐந்து விநாடிக்குள். அதற்குப் பிறகு படம் நிற்காமல் ஒரு நிமிடம்வரை ஓடுகிறது. நடிகர்கள் அப்படியே உறைந்து போய் இருக்க, வீட்டு நாய் மட்டும் மேசைமேல் ஏறி ஒவ்வொருவர் தட்டையும் காலி செய்கிறது. மார்ட்டின் ஏஜென்சி செய்த இந்தத் தொடர் அந்த ஆண்டு கான் விளம்பர விழாவில் திரைப்படப் பிரிவின் கிராண்ட் பிரி விருதைப் பெற்றது.

நாயைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எழுதுகிறவர் பார்க்க வேண்டியது நாய்க்கு முன்னால் நடந்ததை. நிறுவனம் தன் வேலையை ஐந்து விநாடியில் முடித்துக்கொண்டது. மீதிப் படத்தில் விற்கவேண்டியது எதுவும் இல்லை. பார்ப்பவர் போனாலும் நட்டமில்லை, இருந்தால் மகிழ்ச்சி. வழக்கமான முப்பது விநாடி விளம்பரம் கதையைத் தொடங்கி, முடிச்சுப் போட்டு, கடைசியில் பொருளைக் காட்டும். ஸ்கிப் பொத்தான் வந்த பிறகு அந்தக் கடைசி யாருடைய கண்ணிலும் படாமல் போகக்கூடும். ஆகவே கடைசியைத் தூக்கி முதலில் வைத்தார்கள்.

இன்னொரு பழைய உதாரணமும் இங்கே உதவும். 2009இல் சூப்பர் பௌல் போட்டியின்போது மில்லர் ஹை லைஃப் என்ற பியருக்கு ஒரே ஒரு விநாடி விளம்பரம் போட்டார்கள். விண்டெல் மிடில்புரூக்ஸ் என்ற நடிகர் பியரின் பெயரைக் கூவினார், அவ்வளவுதான். அது எடுபட்டதற்குக் காரணம் அந்த ஒரு விநாடி அல்ல. அதே நடிகர் அதே சீருடையில் அதற்கு முன் பல நீளமான விளம்பரங்களில் வந்து எல்லோருக்கும் பழகியிருந்தார். மிகக் குறுகிய விளம்பரம் புதிதாக எதையும் கற்பிப்பது அரிது. பார்ப்பவர் மனதில் ஏற்கனவே இருப்பதை எடுத்து, அதோடு ஒரே ஒரு புதிய செய்தியை ஒட்டிவிட்டுப் போகும். எதை விளக்காமல் விடலாம் என்று தெரிவதற்கு, பார்ப்பவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

தமிழில் விளம்பரத்தைக் காதுக்குப் பழக்கியது இலங்கை வானொலி. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவை கடலைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்டது. அகில இந்திய வானொலியில் அப்போது விளம்பரம் கிடையாது. 1967இல் விவித பாரதியில்தான் அது தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம், பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்களின் குரலில் வளர்ந்த அந்த வானொலியின் விளம்பரங்களில் கோபால் பற்பொடிக்கான விளம்பரம் ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கிறது. அது விற்பனையாகும் நாடுகளை வரிசையாகச் சொல்லி, மக்கள் ஆதரவையும் சொல்லி, கடைசியில்தான் பொருளின் பெயருக்கு வரும். அப்படி ஆற அமரச் சொல்ல முடிந்தது, கேட்பவர் கையில் தாண்டும் பொத்தான் இல்லாததால். இன்றைக்கும் நம்முடைய அரச அறிவித்தல்களும் தமிழ் விளம்பரங்களும் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே எழுதப்படுகின்றன: முதலில் யார், பிறகு எங்கே, எப்படி, கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்பது.

அது தமிழ் வாக்கியத்தின் இயல்பும்கூட. நம் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்யச் சொல்வதும், செய்யாதே என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கின்றன. நாளிதழில் இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஐந்து விநாடியில் இது உயிரை வாங்கக்கூடியது. அதைக் கணக்குப் போட்டுக் காட்ட ஒரு இடத்தையும் ஒரு செய்தியையும் எடுத்துக்கொள்கிறேன்.

இடம் றக்வானை. இரத்தினபுரி மாவட்டத்தின் தென்புறத்தில், சூரியகந்தைப் பக்கம் மலை ஏறத் தொடங்கும் இடத்தில் உள்ள தோட்டத்து நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களால் உருவான ஊர், கோப்பி போன பிறகு தேயிலைக்கு மாறியது. நுவரெலியா, அட்டன் போலத் தமிழர் செறிந்து வாழும் இடமல்ல சப்ரகமுவ. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அரச அலுவலகமோ உள்ளூர் ஒலிபெருக்கியோ பேசும் மொழி பெரும்பாலும் சிங்களம். லயத்தில் இருக்கும் இளைஞர் கையில் உள்ள தொலைபேசியிலோ தமிழ்ப் பாட்டும் தமிழ்நாட்டுக் காணொளிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தமிழில் ஒரு செய்தி இவர்களை அடைய யூடியூப் விளம்பரம் உண்மையான ஒரு வழி என்று நான் நினைப்பது இதனால்தான்.

செய்தி மண்சரிவு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. அதே மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில் 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் அதே மழையில் லயங்கள் மேல் மண் விழுந்து தொழிலாளர் குடும்பங்கள் மாண்டன. தோட்டத்து லயங்கள் பல, சரிவை வெட்டிச் சமப்படுத்திய தட்டில் கட்டப்பட்டவை. முன்னால் பள்ளம், பின்சுவரிலிருந்து சில அடி தள்ளி வெட்டிவிட்ட மண்மேடு. சரிவு அந்த மேட்டிலிருந்துதான் வரும்.

இப்போது வழக்கமான ஒரு அறிவித்தல் வாக்கியத்தை எடுப்போம்: ‘மண்சரிவு அபாயம் நிலவும் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றார்கள்.’ பிழையில்லாத தமிழ். பத்தே சொற்கள். ஆனால் பத்துச் சொல் என்ற கணக்கு நம்மை ஏமாற்றும். தமிழ்ச் சொல் நீளமானது. வாய் உச்சரிக்கும் துண்டுகளை எண்ண வேண்டும். மண்-ச-ரி-வு என்பது நான்கு துண்டு. அப்படி எண்ணினால் இந்த வாக்கியத்தில் நாற்பத்தைந்து துண்டுகள் இருக்கின்றன. மழைச் சத்தத்துக்கிடையில், தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில், ஒருவருக்கு விளங்கும்படி பேச வேண்டுமென்றால் விநாடிக்கு ஐந்து துண்டுக்கு மேல் ஓடக்கூடாது என்பது என் கணக்கு. ஆக இது ஒன்பது விநாடி வாக்கியம். ஐந்தாம் விநாடியில் குரல் ‘பாதுகாப்பான’ என்ற சொல்லின் நடுவில் நிற்கிறது. ஸ்கிப் பொத்தான் வருகிறது. கேட்டவர் காதில் விழுந்தது, அபாயமான பகுதிகளில் பொதுமக்கள் வசிக்கிறார்கள் என்ற தகவல் மட்டும். என்ன செய்வது என்ற பகுதி இன்னும் பிறக்கவே இல்லை.

இந்த ஒன்பதை வேகமாகப் பேசி ஆறாக்குவது முதல் தவறு. அதைப் பலர் செய்கிறார்கள். கேட்டால் பந்தய வருணனை போல இருக்கும். இரண்டாவது தவறு இறுக்கிச் சுருக்குவது. பம்பரைக் குறளோடு ஒப்பிட நமக்கெல்லாம் ஆசை வரும். ஒரு குறளை நிறுத்தி வாசிக்கவும் ஏறத்தாழ இவ்வளவு நேரம்தான் ஆகும். ஆனால் குறள் திரும்பத் திரும்பப் படித்து, உரையோடு சேர்த்து விளங்கிக்கொள்வதற்காகச் செறிக்கப்பட்டது. பம்பரில் செறிவு கூடாது. பலவற்றை விட்டுவிட்டு மிஞ்சிய ஒன்றைத் தாராளமாகச் சொல்ல வேண்டும்.

எதை விடுவது என்பதில்தான் எழுத்தின் வேலை முழுவதும் இருக்கிறது. மண்சரிவு பற்றிச் சொல்ல வேண்டியவற்றை எழுதிப் பார்த்தால் ஒரு தாள் நிறையும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் தயாராக வேண்டும், 150 என்றாலோ ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினாலோ வெளியேற வேண்டும். அதோடு நிலத்தில் தெரியும் அறிகுறிகள்: நிலமும் சுவரும் வெடிப்பது, மரமும் கம்பமும் சாய்வது, புதிய நீரூற்று தோன்றுவது, இருந்த ஊற்று திடீரென வற்றுவது, ஊற்று நீர் கலங்குவது. அழைக்க வேண்டிய எண் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. இவை எல்லாமே உண்மை, எல்லாமே முக்கியம். எல்லாவற்றையும் ஆறு விநாடிக்குள் திணித்தால் எதுவும் தங்காது.

மழை அளவை முதலில் விடலாம். லயத்தில் இருப்பவரிடம் மழைமானி இல்லை. அந்த எண் அதிகாரிக்கு உதவும். இரவு இரண்டு மணிக்கு இஸ்தோப்பில் நின்று வெளியே பார்க்கும் தாய்க்கு உதவாது. அவள் கண்ணால் காணக்கூடியது வேண்டும்.

சுவர் வெடிப்பு? நூறு ஆண்டு பழைய லயத்தில் வெடிப்பில்லாத சுவரைத் தேடத்தான் வேண்டும். தினமும் பார்க்கும் வெடிப்பை அபாயம் என்று சொன்னால், ஒன்று எல்லோரும் பயப்படுவார்கள், அல்லது யாருமே நம்பமாட்டார்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கும். வெடிப்பு அகலமாகிறதா, புதிதா என்று பார்க்கச் சொல்லலாம். ஆனால் அதற்கு இரண்டு நாள் அளந்து பார்க்கும் விளக்கம் தேவை, ஆறு விநாடி போதாது.

கலங்கிய நீர் என்பது முதல் பார்வைக்குச் சிறந்த தேர்வாகத் தெரியும். தோட்டத்தில் எல்லோருக்கும் பீலி தெரியும். குடிக்கவும் குளிக்கவும் அங்கேதான் போகிறார்கள். ‘பீலித் தண்ணி கலங்குதா?’ என்று தொடங்கினால் கேட்டவுடன் படம் மனதில் வரும். வாக்கியமும் குட்டையானது. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல பீலிகளுக்கு நீர் வருவது ஓடையிலிருந்து. நல்ல மழை பெய்தால் ஓடை கலங்கும், பீலியும் கலங்கும், எந்த மலையும் சரியாது. விளம்பரம் ஓடிய முதல் வாரத்திலேயே அது பொய் என்று தோட்டம் முழுக்க முடிவாகிவிடும். அழகான வரி என்பதற்காக இதை வைத்துக்கொள்ளக் கூடாது.

மிஞ்சுவது புதிய ஊற்று. நேற்றுவரை காய்ந்திருந்த பின்மேட்டிலிருந்து இன்று நீர் கசிகிறது. இதன் காரணம் எளிது. நாள்கணக்கில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்குகிறது. அடியில் பாறை தடுக்கிறது. நிலத்தடி நீர் மேலே ஏறி, மண் துகள்களுக்கிடையே நெருக்கத் தொடங்குகிறது; மண்ணுக்கும் பாறைக்கும் இடையே இருந்த பிடி தளர்கிறது. அந்த நீர் வெளியேற வழி தேடி, வெட்டிவிட்ட மேட்டின் முகத்தில் கசிகிறது. ஆகவே இந்த அறிகுறி அபாயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது, வெறும் கண்ணுக்குத் தெரிவது, ‘புதிது’ என்ற ஒரு சொல்லால் மற்ற ஈரங்களிலிருந்து பிரித்துக் காட்டக்கூடியது. லயத்துக்குப் பின்னால் எது எப்போதும் ஈரம், எது புதிய ஈரம் என்பது அங்கே வாழ்பவருக்கு எந்த நிபுணரையும் விட நன்றாகத் தெரியும். முன்னர் சொன்ன, மனதில் ஏற்கனவே இருக்கும் அறிவு இதுதான்.

அறிகுறி முடிவானது. இனி என்ன செய்யச் சொல்வது? நான் முதலில் எழுதிப் பார்த்த வரி இது: ‘மேட்டுல புதுசா தண்ணி வருதா? லயத்துல இருக்காதீங்க.’ நீளம் சரியாக இருக்கிறது. குறை கடைசிச் சொல்லில். தமிழில் மறுப்பு வினைக்குள் புதைந்து, பின்பகுதியில் வருகிறது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது அந்தக் கடைசித் துண்டு மறைந்தால், காதில் விழுவது லயத்தில் இருப்பதைப் பற்றிய ஏதோ ஒன்று. அரைகுறையாகக் கேட்டால் எதிர்மாறான பொருள் தரும் வாக்கியத்தை எச்சரிக்கையில் வைக்கக் கூடாது. மறுப்பை எடுத்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் சொன்னேன்:

‘மேட்டுல புதுசா தண்ணி வருதா? லயத்த விட்டு வெளிய வாங்க.’

இதில் எங்கே வெட்டினாலும் பொருள் தலைகீழாவதில்லை. ‘லயத்த விட்டு’ என்பதோடு நின்றாலும் திசை சரியாகவே இருக்கும். முதல் வாக்கியம் கேள்வியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ‘வந்தால்’ என்று எழுதினால் வாக்கியம் முடியாமல் அடுத்ததற்காகக் காத்திருக்கும். ‘வருதா?’ என்றால் அங்கேயே ஒன்று முடிகிறது. கேட்பவர் மனம் உடனே தன் வீட்டுப் பின்பக்கம் போகிறது.

துண்டுகளை எண்ணுவோம். முதல் வாக்கியம் பதினொன்று, இரண்டாவது பத்து. விநாடிக்கு ஐந்து வீதம் 2.2 விநாடியும் 2 விநாடியும். நடுவில் மூச்சுக்கு 0.2. தொடக்கத்தில் அரை விநாடி குரல் கூடாது. பாட்டை எதிர்பார்த்திருந்த காது விளம்பரம் வந்துவிட்டது என்று உணர்ந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகும், அந்த அரை விநாடியில் சொல்லும் சொல் வீணாகும். கூட்டினால் 4.9. பொத்தான் தோன்றும் முன் பேச்சு முடிந்துவிட்டது. மிஞ்சும் 1.1 விநாடியில் குரல் இல்லை. 117 என்ற எண் மட்டும் பெரிதாகத் திரையில் நிற்கிறது. அது இரண்டாவது கருத்தாகிவிடாதா என்று கேட்கலாம். எண்ணை வாயால் சொன்னால் ஆகிவிடும். எழுத்தில் நிற்கும்போது அது கையொப்பம். இதைச் சொல்வது யார் என்பதற்கான சான்று. அரசு விளம்பரங்களில் இலச்சினை சுழன்று வந்து நிற்பதற்கே முதல் மூன்று விநாடி போவதைப் பார்த்திருப்பீர்கள். பாதி நேரத்தைக் கையொப்பம் தின்றுவிட்டால் கடிதம் எழுத இடமில்லை.

படமும் ஒன்றே போதும். ஆறு விநாடிக்குள் நாலைந்து காட்சி மாற்றினால், கண் ஒவ்வொரு முறையும் எங்கே இருக்கிறோம் என்று தேடும். அந்தத் தேடலில் குரல் தவறிப்போகும். என் எழுத்துப்படியில் கமரா லயத்தின் பின்புறம் அசையாமல் நிற்கிறது. முதல் அரை விநாடி, செம்மண் மேட்டின் முகத்தில் நீர் கசிந்து வழியும் காட்சி, அதன் சத்தம். குரல் கேள்வியைத் தொடங்கும்போது ஒரு பெண் சட்டத்துக்குள் வந்து, அந்த ஈரத்தில் கை வைத்துப் பார்க்கிறாள். இரண்டாவது வாக்கியம் தொடங்கும்போது திரும்பி, வாசலில் நிற்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சட்டத்துக்கு வெளியே நடந்துவிடுகிறாள். மேடு மட்டும் மிஞ்சுகிறது, எண் வருகிறது. மண் சரிவதைக் காட்ட வேண்டாம். அதைக் காட்டினால் பார்ப்பவர் நினைவில் சரிவுதான் நிற்கும், கசிவு மறைந்துவிடும். நாம் கண்டுபிடிக்கச் சொல்வது கசிவை.

எழுத்து கீழ் ஓரத்தில் வரக்கூடாது. அங்கே விளம்பரம் என்ற குறிப்பும் பொத்தானும் வந்து மூடும். தமிழ்ச் சொல் அகலமானது என்பதால் சிறு திரையில் முழு வாக்கியத்தையும் எழுதினால் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஒலியை அணைத்து வைத்துப் பார்ப்பவருக்காகப் படத்தின் நடுவுக்கு மேலே ‘புதுத் தண்ணி? வெளிய வாங்க’ என்று மட்டும் எழுதலாம்.

குரல் யாருடையது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது தோட்டத்துப் பேச்சில் எழுதப்பட்டது. கொழும்பு அறிவிப்பாளர் இதைச் செந்தமிழாக்கி வாசித்தால் துண்டுகள் கூடி ஐந்து விநாடியைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘வாங்கோ’ என்று வந்தால் அது வேறு யாருக்கோ சொல்லப்படுவதாகத் தோன்றும். சென்னையின் டப்பிங் குரல் என்றால் அடுத்துச் சவர்க்காரம் விற்கப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். றக்வானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் நடுவயதுப் பெண்ணொருவரின் குரல் வேண்டும். பக்கத்துக் காம்பராக்காரி கூப்பிடுவது போல.

இனி இதைக் கொண்டு சேர்ப்பது. கூகுள் விளம்பரத்தில் இடத்தைக் குறிக்கலாம், மொழியையும் குறிக்கலாம். மொழி என்ற இடத்தில் தமிழை மட்டும் தேர்ந்தால் ஒரு சிக்கல் வரும். அந்த அமைப்பு மொழியை ஊகிப்பதற்குப் பார்ப்பவர் தன் தொலைபேசியை எந்த மொழியில் வைத்திருக்கிறார் என்பதையும் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்தில் வைத்திருக்கும் தமிழ் இளைஞர் இதனால் விடுபட்டுப்போகலாம். ஆகவே இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் என்று இடத்தைக் குறித்துவிட்டு, விளம்பரம் தோன்ற வேண்டிய தமிழ்ச் சேனல்களைத் தேர்ந்து கொடுப்பது மேல்.

பணத்தைப் பற்றி ஒன்று. பம்பருக்கு ஆயிரம் தடவை காட்டுவதற்கு இவ்வளவு என்று கட்டணம். ஸ்கிப் வகையில், பார்வைக்குக் கட்டணம் என்ற முறையைத் தேர்ந்தால், பார்ப்பவர் முப்பது விநாடி பார்த்தாலோ, அதைவிடக் குறுகிய படமானால் முழுவதையும் பார்த்தாலோ, அதில் அழுத்தினாலோதான் பணம். ஐந்தாம் விநாடியில் தாண்டிவிட்டால் பணமில்லை. இதே எழுத்துப்படியை முன்னால் வைத்து, பின்னால் முப்பது விநாடிக்கு மேல் எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது என்ற விளக்கத்தைச் சேர்த்தால், பொறுமையுள்ளவர் முழுவதும் பார்ப்பார். தாண்டியவரும் செய்தியைப் பெற்றுவிட்டார், நிறுவனத்துக்குச் செலவில்லை. கைக்கோவின் நாய் நின்ற இடத்தில் நமக்கு இந்த விளக்கம் நிற்கும். எல்லோரும் தாண்டிக்கொண்டே இருந்தால் அந்த விளம்பரத்தைக் காட்டுவதை அமைப்பு குறைத்துவிடும் என்பது இதன் எல்லை. அதனால்தான் பம்பரும் கூடவே வேண்டும்.

எடுத்த படம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பம்பரில் எத்தனை பேர் முழுவதும் பார்த்தார்கள் என்ற எண்ணை யாராவது பெருமையாகக் காட்டினால் ஏற்கக் கூடாது. தாண்ட வழியில்லாத படத்தை எல்லோரும் முழுவதும்தான் பார்ப்பார்கள். சரியான சோதனைக்குச் செலவே இல்லை. பிள்ளை மடுவத்தின் முன், அல்லது பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும் நேரத்தில், பாட்டுக்கு முன்னால் இந்தப் படம் வரும்படி செய்து ஒருவருக்கு ஒரே ஒரு தடவை காட்ட வேண்டும். பாட்டு முடிந்த பிறகு, ‘முதல்ல வந்தது என்ன சொல்லிச்சு?’ என்று கேட்க வேண்டும். ‘தண்ணி பத்தி ஏதோ’ என்றால் படம் தோற்றது. ‘மண்சரிவு பத்தி’ என்றாலும் தோற்றதுதான். தலைப்பு தங்கியிருக்கிறது, கருத்து தங்கவில்லை. ‘பின்னாடி புதுசா தண்ணி வந்தா வெளிய போகணுமாம்’ என்று அவர் தன் சொற்களில் சொன்னால் வென்றது. வெவ்வேறு ஆட்களிடம், ஒலியோடும் ஒலியில்லாமலும் இதைச் செய்து பார்த்தால் எந்தச் சொல் விழவில்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். படம் எடுக்கும் முன்பே குரலை மட்டும் தொலைபேசியில் பதிந்து பாதிச் சோதனையை முடித்துக்கொள்ளலாம்.

இந்த விளம்பரத்தால் முடியாதவையும் உண்டு. இது அபாயச் சங்கு அல்ல. போட்ட விளம்பரத்தைக் கூகுள் பரிசீலித்து அனுமதிக்க ஒரு வேலை நாள்வரை ஆகலாம், பிறகும் யாருக்கு எப்போது காட்டுவது என்பது ஏலத்தில் முடிவாகும். மழை கொட்டும் இரவில் எழுப்புவதற்குக் குறுஞ்செய்தியும் கோயில் ஒலிபெருக்கியும் ஆள் அனுப்பிக் கதவைத் தட்டுவதும்தான் வழி. விளம்பரத்தின் வேலை, மழைக்கு முந்திய வாரங்களில் ஒரே ஒரு அறிகுறியை நினைவில் பதித்துவைப்பது. தேர்ந்தெடுத்த அறிகுறி அந்தந்தத் தோட்டத்து மண்ணுக்குப் பொருந்துமா என்று ஒரு புவியியலாளர் பார்த்து ஒப்பாமல் இதை ஒளிபரப்பவும் கூடாது.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தை நமக்குச் சாட்சி. அங்கே அபாயம் உள்ளது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை வந்து லயங்களை மூடியபோது மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போவதற்கு வேறு வீடும் நிலமும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ‘வெளிய வாங்க’ என்று சொல்கிற எவரும் அந்த இரவுக்கு எங்கே என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும். பாடசாலையோ கோயில் மண்டபமோ, திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதுவரை முன்கூட்டியே தீர்மானித்த தோட்டங்களில் மட்டுமே இந்தப் படத்தை ஓடவிட வேண்டும்.

அனர்த்த முகாமைத்துவ நிலையமும் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் தோட்ட நிர்வாகங்களும் சேர்ந்தால் இந்தப் படத்தை ஒரே நாளில் எடுத்துவிடலாம். தேவை ஒரு கமரா, ஒரு மண்மேடு, ஒரு குரல். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்குகிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே சப்ரகமுவவின் தமிழ்த் தொலைபேசிகளில் இது ஓடத் தொடங்க வேண்டும். எழுத்துப்படி இங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் வேண்டாம்.